பன்னிரண்டாம் இடத்தில் இரண்டாம் நூற்பா

லிட்டில் இந்தியா வழியாகப் போகும் பேருந்துகளில் 23, 65, 147, 857 ஆகியவையும் உண்டு. இவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொன்னால் முதல் வகுப்புக் குழந்தையும் அடுக்கிவிடும். இதே எண்களைக் கணினியில் எழுத்துகளாகத் தட்டி வைத்துவிட்டு வரிசைப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். 147, 23, 65, 857 என்று வரும். கோடிக்கணக்கான கணக்குகளை நொடியில் போடும் இயந்திரத்துக்கு 147 என்பது 23-ஐ விடப் பெரியது என்று தெரியாதா?

கைப்பேசியில் படங்களைப் பார்ப்பவர்களுக்கும், அலுவலகக் கோப்புகளுக்கு எண் போட்டுப் பெயர் வைப்பவர்களுக்கும் இது பழகிய எரிச்சல்தான். ‘படம் 10’ வந்து ‘படம் 2’க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். நூல்களின் பகுதி எண்களில், அதாவது 1.2.3 என்று புள்ளி வைத்து எழுதுகிறோமே அவற்றில், இதே கோளாறு இன்னும் நுட்பமாக நுழைகிறது. நான் அதில் நன்றாகவே மாட்டிக்கொண்டேன்.

தேக்காவில் ஒரு தாள்கட்டு

சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடித் தொல்காப்பியம் படித்துவந்தோம். நூற்பாக்களுக்கு ஒரு பொருளடைவு வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எக்செல்லில் போட்டுத் தருகிறேன் என்று நானே வலியப் போய் ஏற்றுக்கொண்டேன். ஒவ்வொரு நூற்பாவுக்கும் மூன்று படி கொண்ட எண் கொடுத்தேன். முதலில் அதிகாரம், அடுத்து இயல், அடுத்து நூற்பா. எழுத்ததிகாரத்தின் முதல் இயலான நூன்மரபில் ஐந்தாவது நூற்பா என்றால் 1.1.5. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் எண்ணை இந்த அத்தியாயத்தில் அடுக்கெண் என்று சொல்லப்போகிறேன்.

பலர் பிரித்துத் தட்டியதால் வரிகள் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. எண் இருந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஏறுவரிசையில் அடுக்கி, அச்சிட்டு எடுத்துப் போனேன். தேக்கா நிலையத்தில், தேநீர் வட்டம் படிந்த ஒரு மேசையில் தாள்களைப் பரப்பினோம். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் உண்டு. எல்லாருக்கும் அவர் ‘டீச்சர்’தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதல் தாளை மேலிருந்து கீழே பார்த்தார்.

“தம்பி, அதிகாரம் சரியா இருக்கு. இயலும் சரியா இருக்கு. நூற்பாவை மட்டும் யார் கலைச்சுப் போட்டது?”

1.1.1-க்கு அடுத்து 1.1.10 இருந்தது. அதற்கடுத்து 1.1.11. அப்படியே 1.1.19 வரை போய், அப்புறம்தான் 1.1.2. நூன்மரபில் 33 நூற்பாக்கள். அவற்றில் இரண்டாவது நூற்பா பன்னிரண்டாம் இடத்தில் நின்றது. மூன்றாவது, இருபத்து மூன்றாம் இடத்தில். இயலின் கடைசி நூற்பாவான 1.1.33 இருபத்தேழாம் இடத்தில் வந்துவிட, கடைசி இடத்தைப் பிடித்திருந்தது ஒன்பதாவது நூற்பா. எண்ணிப் பார்த்தால் முப்பத்து மூன்றில் ஒரே ஒரு நூற்பாதான் தன் இடத்தில் இருந்தது. அது முதல் நூற்பா.

டீச்சர் கேட்டதில் ஒரு நல்ல துப்பு இருந்தது. அதிகாரமும் இயலும் ஏன் சரியாக வந்தன? தொல்காப்பியத்தில் மூன்று அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல்கள். முதல் இரண்டு படிகளிலும் எந்த எண்ணும் பத்தைத் தொடுவதே இல்லை. ஒற்றை இலக்கத்துக்குள் இருக்கும்வரை இந்தக் கோளாறு வெளியே தலைகாட்டாது. பத்து வந்ததும் வந்துவிடும். முதல் இரண்டு படிகளை மட்டும் பார்த்துச் சரி என்று நம்பி நான் அச்சிட்டதற்கு இதுதான் காரணம்.

அகராதிக் கண்

கணினி செய்தது தவறே இல்லை. அது அகராதி பார்ப்பதுபோல் பார்த்தது. தமிழகராதியில் ‘கண்ணாடி’ முன்னால் வரும், ‘கல்’ பின்னால் வரும். ‘கல்’ சின்னச் சொல்லாயிற்றே என்று யாரும் அதை முன்னால் தள்ளுவதில்லை. முதல் எழுத்தைப் பார்க்கிறோம், இரண்டிலும் க. அடுத்ததைப் பார்க்கிறோம், ணகரம் லகரத்துக்கு முந்தையது. அத்தோடு தீர்ப்பு முடிந்துவிடுகிறது. மீதி எத்தனை எழுத்து இருந்தாலும் அக்கறை இல்லை.

எண்களைப் பார்க்கும் கண் வேறு. 147 பெரியதா 23 பெரியதா என்று கேட்டால் நாம் முதலில் பார்ப்பது நீளத்தை. மூன்று இலக்க எண் எதுவும் இரண்டு இலக்க எண்ணை விடப் பெரியது. நீளம் ஒன்றாக இருந்தால்தான் இடப்பக்க இலக்கத்தை ஒப்பிடுவோம். அகராதிக்கு நீளம் கடைசிக் கவலை, எண்ணுக்கோ அதுதான் முதல் கவலை. 147-ஐ அகராதிக் கண்ணால் பார்த்தால் அதன் முதல் எழுத்து 1. 23-இன் முதல் எழுத்து 2. ஆகவே 147 முன்னால்.

1.1.10-உம் 1.1.2-உம் மோதும்போதும் நடப்பது இதுவே. 1, புள்ளி, 1, புள்ளி வரை இரண்டும் ஒன்று. அடுத்த எழுத்து ஒன்றில் 1, மற்றதில் 2. தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்த 1-க்குப் பின்னால் ஒரு சுழியம் நின்று அதைப் பத்தாக்குகிறது என்பதைப் பார்க்க அகராதிக் கண் காத்திருப்பதில்லை.

இங்கே சின்ன விலகல் ஒன்று. பழைய தமிழ் எண்குறிகளில் பத்துக்குத் தனி எழுத்து உண்டு, ௰. யூனிகோடில் அதன் இடம் ஒன்பதைக் குறிக்கும் ௯-க்கு நேர் அடுத்து. அதனால் ௧ முதல் ௯ வரை, பிறகு ௰, ௰௧, ௰௨ என்று ௰௯ வரை, அதாவது பத்தொன்பது வரை, குறியீட்டு வரிசையில் அடுக்கினாலே சரியாக வந்துவிடும். நம் முன்னோர் கணினிக்காகவே செய்ததுபோல் இருக்கும். இருபது வந்ததும் மாயம் கலைந்துவிடும். இருபது ௨௰. அது ஓடிப்போய் ௨-க்கும் ௩-க்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

எண் என்று சொல்லிவிட்டால் என்ன?

‘இது எழுத்து இல்லை, எண்’ என்று கணினியிடம் சொல்லிவிடலாமே என்று தோன்றும். பேருந்து எண்ணுக்கு அந்த வைத்தியம் பலிக்கும். அடுக்கெண்ணுக்குப் பலிக்காது. எப்படிக் கெடுக்கும் என்பதைத் திருக்குறளை வைத்துப் பார்க்கலாம்.

குறளுக்கு அதிகார எண்ணும் அதற்குள் குறள் எண்ணும் சேர்த்து இரண்டு படியில் எண் கொடுப்போம். முதல் அதிகாரத்தின் முதற்குறள் 1.1. அதே அதிகாரத்தின் பத்தாம் குறள் 1.10. இதை எக்செல்லில் சாதாரணக் கட்டத்தில் தட்டி `Enter` அழுத்துங்கள். திரும்பிப் பார்த்தால் கட்டத்தில் 1.1 என்று இருக்கும். கணினிக்கு அந்தப் புள்ளி தசமப் புள்ளி. ஒரு வெள்ளி பத்துக் காசு என்றாலும் ஒன்றே ஒன்றின் கீழ் பத்து என்றாலும் மதிப்பு ஒன்றுதான் என்று, கடைசிச் சுழியத்தைத் தேவையற்றதாகக் கழித்துவிடுகிறது.

ஒவ்வொரு அதிகாரத்திலும் சரியாகப் பத்துக் குறள்கள் இருப்பதால் சேதத்தைக் கணக்கிட்டே சொல்லலாம். 133 அதிகாரங்களிலும் பத்தாம் குறள் முதற்குறளின் எண்ணை எடுத்துக்கொள்ளும். 1330 குறள்களுக்கு 1197 எண்கள்தான் மிஞ்சும். இப்படி ஒரு முறை போன சுழியத்தை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது. இரண்டு 1.1-களில் எது எது என்று கட்டத்துக்குத் தெரியாது. ஒரு பட்டியலில் 1.9 இருக்கிறது, 1.10 இல்லை, 1.1 மட்டும் இரண்டு தடவை இருக்கிறது என்றால் இந்த விபத்து நடந்துவிட்டது என்று பொருள்.

மூன்று படி எண்ணில் இரண்டு புள்ளிகள் இருப்பதால் கணினி அதை எண்ணாக ஏற்காமல் எழுத்தாகவே விட்டுவைக்கும். 1.1.10-இன் சுழியம் எனக்குத் தப்பியது அப்படித்தான். என் கெட்டிக்காரத்தனம் எதுவும் அதில் இல்லை.

இடப்பக்கச் சுழியத்துக்கும் இதே கதிதான். சிங்கப்பூரில் ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்துக்கும் ஐந்திலக்கக் குறியெண் உண்டு. விக்டோரியா தெருவில் ஹோட்டல் கிராண்ட் பசிபிக் நிறுத்தத்தின் குறியெண் 01012. எக்செல்லில் தட்டினால் 1012 என்று நாலிலக்கமாகிவிடும். வீட்டு எண்ணை # குறி இல்லாமல் 02-10 என்று தட்டினால் இன்னும் வேடிக்கை. சிங்கப்பூர்த் தேதி அமைப்பில் அது அக்டோபர் 2 ஆகி, `2-Oct` என்று நிற்கும். சரி செய்கிறேன் என்று அந்தக் கட்டத்தைப் பிறகு எழுத்து வடிவுக்கு மாற்றினால், 2025-இல் தட்டியதாக இருந்தால் 45932 என்று ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். கணினி உள்ளுக்குள் அந்த நாளுக்கு வைத்திருக்கும் கணக்கு அது.

ஆகவே முதல் வேலை, ஓர் எண்ணைத் தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை `Text` வடிவுக்கு மாற்றுவது. தட்டிய பிறகு மாற்றினால் பயன் இல்லை.

வீட்டு எண் காட்டும் வழி

மேசையில் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர், “எங்க புளோக்கில தபால் பெட்டியெல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?” என்றார். நல்ல கேள்வி. சிங்கப்பூர் வீட்டு எண்ணும் ஓர் அடுக்கெண்தான். #02-10 என்றால் இரண்டாம் தளம், பத்தாம் வீடு. ஆனால் நாம் #2-9, #2-10 என்று எழுதுவதில்லை. #02-09, #02-10 என்று சுழியம் வைத்து எழுதுகிறோம். அந்தச் சுழியம் இரண்டு எண்களின் நீளத்தையும் சமமாக்கிவிடுகிறது. நீளம் சமமானதும் அகராதிக் கண்ணும் எண் கண்ணும் ஒரே தீர்ப்பைச் சொல்கின்றன. 09-க்கும் 10-க்கும் முதல் எழுத்து 0, 1. ஆகவே 09 முன்னால். தகராறு இல்லை.

இதைச் சுழியம் நிரப்புதல் எனலாம். எளிய வழி, பல இடங்களில் போதுமான வழியும்கூட. அதன் பலவீனம், அதிகபட்ச இலக்கம் எத்தனை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது. தளத்துக்கு இரண்டு இலக்கம் போதும். டக்ஸ்டனில் உள்ள பினக்கிள் அடுக்ககமே 50 மாடிதான். வீட்டு எண்ணில்தான் சிக்கல். சில பேட்டைகளில் அது இரண்டு இலக்கம், சிலவற்றில் மூன்று, பழைய பேட்டைகள் சிலவற்றில் நான்கு. இரண்டு பேட்டைகளின் முகவரிகளை ஒரே பட்டியலில் சேர்த்தால், நாலாயிரத்துச் சொச்சம் எண் உள்ள வீடு 52-ஆம் எண் வீட்டுக்கு முன்னால் போய் நிற்கும்.

தொல்காப்பியத்துக்கு நான் முதலில் முயன்றது இதைத்தான். நூன்மரபில் 33, அடுத்த இயலான மொழிமரபில் 49. இரண்டு இலக்கம் தாராளம் என்று நினைத்து 1.1.02 என்று மாற்ற ஆரம்பித்தேன். ஏழாம் இயலான உயிர்மயங்கியலில் 93 வந்தபோதும் தைரியமாகவே இருந்தேன். எட்டாம் இயல் புள்ளிமயங்கியல் 110 நூற்பா. 1.8.100 வந்து 1.8.11-க்கு முன்னால் உட்கார்ந்தது. எல்லாவற்றையும் மூன்றிலக்கமாக்கித் திரும்ப எழுதலாம்தான். ஆனால் 1.1.002 என்று ஒரு பொருளடைவை அச்சிட்டால் அதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஒரு தமிழ் நூலிலும் அப்படி எண் கண்டதில்லை.

புள்ளியில் வெட்டுதல்

சரியான தீர்வு, புள்ளி உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்பதில் இருக்கிறது. 1.8.110-இல் உள்ள புள்ளி பின்னத்தைக் காட்டவில்லை. ‘இங்கே ஒரு கணக்கு முடிந்தது, உள்ளே அடுத்த கணக்கு தொடங்குகிறது’ என்கிறது. அதன் இருபுறமும் இருப்பவை தனித்தனி முழு எண்கள். ஆகவே புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு நெடுவரிசை கொடுத்துவிட்டால், ஒவ்வொரு துண்டும் தானே ஒரு சாதாரண எண்ணாகிவிடும். 110-உம் 11-உம் எண்களாக மோதும்போது கணினிக்குக் குழப்பமே இல்லை.

எக்செல்லில் எண்கள் A நெடுவரிசையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் B, C, D மூன்றும் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருப்பது அழிந்துபோகும். A-யைத் தேர்ந்தெடுத்து `Data` பட்டியலில் `Text to Columns`, அதில் `Delimited`, அடுத்த திரையில் `Other` என்ற இடத்தில் ஒரு புள்ளி. கடைசித் திரையில் `Destination` என்பதை B-யின் முதல் கட்டத்துக்கு மாற்ற மறக்கக் கூடாது. மறந்தால் A-யில் உள்ள மூல எண் போய்விடும். வடிவம் `General` என்றே இருக்கட்டும், அப்போதுதான் துண்டுகள் எழுத்தாக இல்லாமல் எண்ணாக விழும்.

சூத்திரமாகவே போட விரும்புகிறவர்களுக்கு, கூகுள் விரிதாளில் முதல் வரியும் புதிய எக்செல்லில் இரண்டாம் வரியும் இதே வேலையைச் செய்யும்:

```
=SPLIT(A2,".")
=--TEXTSPLIT(A2,".")
```

இரண்டாவதில் உள்ள இரட்டைக் கழித்தல் குறி அலங்காரம் இல்லை. எக்செல்லின் சூத்திரம் துண்டுகளை எழுத்தாகவே வெட்டித் தரும். அந்த இரண்டு கோடுகள் அவற்றை எண்ணாக்குகின்றன. விட்டுவிட்டால் நெடுவரிசை பிரிந்திருக்கும், வரிசை மட்டும் பழையபடியே தப்பாக வரும். கட்டத்துக்குள் எண் இடப்பக்கம் ஒட்டியிருந்தால் அது எழுத்து, வலப்பக்கம் ஒட்டியிருந்தால் எண். நாம் வடிவமைப்பைத் தொடாதவரை இந்த அடையாளம் ஏமாற்றாது.

பிரித்த பிறகு, சூத்திரம் போட்டிருந்தால் அதை மதிப்புகளாக ஒட்டிவிட்டு, முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து `Sort`. முதலில் B, பிறகு `Add Level` அழுத்தி C, மறுபடியும் அழுத்தி D. அதிகாரப்படி அடுக்கு, அதிகாரம் ஒன்றானால் இயல்படி அடுக்கு, இயலும் ஒன்றானால் நூற்பாப்படி அடுக்கு என்று இதற்குப் பொருள்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு நெடுவரிசை போடும் வேலைகூட இல்லை. எண்களை மட்டும் வரிக்கு ஒன்றாக வைத்த கோப்புக்கு இந்த ஒற்றை வரி போதும்:

```
sort -t. -k1,1n -k2,2n -k3,3n enkal.txt
```

புள்ளியில் வெட்டு, முதல் துண்டை எண்ணாகப் பார், பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை என்பதுதான் அந்த வரியின் பேச்சு. கண்ணுக்குத் தெரியாமல் அதே மூன்று நெடுவரிசைகள்.

ஒரு படி தள்ளிப்போன தலைப்புகள்

இத்தோடு முடிந்தது என்று நினைத்து இரண்டாம் முறையும் அச்சிட்டேன். நூற்பாக்கள் எல்லாம் அழகாக வந்திருந்தன. அடுத்த சனிக்கிழமை டீச்சர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மொழிமரபுக்கு நூன்மரபுன்னு பேர் மாத்தியாச்சா?”

என் அட்டவணையில் நூற்பாக்களோடு தலைப்பு வரிகளும் இருந்தன. 1 என்றால் எழுத்ததிகாரம் என்ற தலைப்பு, 1.1 என்றால் நூன்மரபு என்ற தலைப்பு. புள்ளியில் வெட்டும்போது 1.1-க்கு மூன்றாம் துண்டு கிடையாது. D கட்டம் காலி. எக்செல்லின் வழக்கம், காலிக் கட்டங்களை எப்போதும் கடைசியில் தள்ளுவது. ஏறுவரிசையானாலும் இறங்குவரிசையானாலும் கடைசிதான். ஆகவே நூன்மரபு என்ற தலைப்பு 1.1.1-க்கு மேலே போகாமல் 1.1.33-க்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்கு அடுத்த வரி 1.2.1. பார்க்கிறவருக்கு மொழிமரபின் நூற்பாக்களுக்கு மேல் நூன்மரபு என்று தலைப்புப் போட்டதுபோல் தெரியும். இப்படி ஒவ்வொரு இயலும் முந்தைய இயலின் பெயரைச் சுமந்துகொண்டு நின்றது. சொல்லதிகாரம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே எழுத்ததிகாரம் என்று இருந்தது. முதல் இயலுக்குத் தலைப்பே இல்லை.

இந்தக் கோளாறு முதலாவதை விட மோசமானது என்பேன். 1.1.10 இடம் மாறினால் கண்ணில் குத்தும். தலைப்பு ஒன்று தள்ளிப்போனால், நூலைத் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

மருந்து எளிது. காலிக் கட்டங்களில் சுழியம் வைக்க வேண்டும். B, C, D மூன்றையும் தேர்ந்தெடுத்து, `F5` அழுத்தி, `Special`, பிறகு `Blanks`. காலிகள் மட்டும் தேர்வாகும். 0 தட்டி `Ctrl+Enter` அழுத்தினால் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விழும். இப்போது நூன்மரபு என்ற தலைப்பின் எண் உள்ளுக்குள் 1, 1, 0. அது 1, 1, 1-க்கு முன்னால் தானாகவே வரும். எழுத்ததிகாரம் 1, 0, 0 ஆகி எல்லாவற்றுக்கும் மேலே ஏறிவிடும். மேலே சொன்ன லினக்ஸ் வரி, இல்லாத துண்டைத் தானே சுழியமாக எடுத்துக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

153A எங்கே போகும்?

சட்ட நூல்களில் அடுக்கெண் இன்னொரு கோலம் கொள்கிறது. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் 153A பிரிவு. இன்னும் துல்லியமாக 153A(1). தேசிய மொழி பற்றிச் சொல்வது 153A(2). இங்கே புள்ளியே இல்லை. ஆனாலும் படிகள் இருக்கின்றன. 153 ஒரு படி, A ஒரு படி, அடைப்புக்குள் இருப்பது ஒரு படி.

இந்த A ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் எப்படிப் பிரிப்பது என்பதும் விளங்கும். சட்டத்தில் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருக நேரும்போது, பின்னால் உள்ள எண்களை எல்லாம் மாற்றினால் அவற்றை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளும் ஆவணங்களும் குழம்பிப்போகும். அதனால் பழைய எண்ணைத் தொடாமல் எழுத்தை ஒட்டவைக்கிறார்கள். தண்டனைச் சட்டத்தில் 304-க்கும் 305-க்கும் இடையே 304A, 304B, 304C இருப்பது இதே வழக்கம்தான்.

இந்த எண்களை எக்செல்லில் சாதாரணமாகத் தட்டினால் 153-உம் 154-உம் எண்ணாகிவிடும். 153A மட்டும் எழுத்தாக நிற்கும். எக்செல் எண்களை முதலில் அடுக்கி எழுத்துகளைப் பின்னால் வைப்பதால், தமிழுக்கு இடம் தரும் பிரிவு சட்டத்தின் கடைசிப் பிரிவுக்கும் அப்பால், எழுத்து ஒட்டிய மற்றப் பிரிவுகளோடு சேர்ந்து ஒதுங்கிவிடும். நெடுவரிசை முழுவதையும் முதலிலேயே `Text` ஆக்கியிருந்தால் 153, 153A, 154 என்று வரும். ஆனால் அப்போது 22-ஆம் பிரிவு 153-க்குப் பின்னால் போகும்.

பிரித்துவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும். எண்ணுக்கு ஒரு நெடுவரிசை, எழுத்துக்கு ஒன்று, அடைப்பெண்ணுக்கு ஒன்று. எழுத்து நெடுவரிசையில் A-க்குப் பதில் 1, B-க்கு 2 என்று எண்ணாக மாற்றி, எழுத்து இல்லாத இடத்தில் 0 வைப்பது என் வழக்கம். 153 என்பது 153, 0, 0 ஆகும். 153A(1) என்பது 153, 1, 1. எழுத்தாகவே விட்டாலும் பெரும்பாலும் நடக்கும். Z தீர்ந்து AA என்று போகும் சட்டத்தில்தான் கவிழும், அகராதிக் கண்ணுக்கு AA என்பது B-க்கு முந்தையது. எண்ணாக்கினால் AA 27 ஆகிவிடும்.

இதே உபாயம் தொல்காப்பியத்திலும் எங்களுக்கு உதவியது. உரையாசிரியர்கள் எல்லாரும் நூற்பாக்களை ஒரே மாதிரி பிரிக்கவில்லை. ஒருவர் ஒன்றாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகக் கொள்வார். அதனால் மொத்த எண்ணிக்கையே உரைக்கு உரை வேறுபடும். அப்படி இரண்டாகும் இடத்தில் பின்னால் உள்ளவற்றின் எண்ணை மாற்றாமல் நான்காம் நெடுவரிசை ஒன்று வைத்து, அங்கே 1, 2 என்று போட்டோம். மற்ற எல்லா வரிகளிலும் அங்கே 0.

A நெடுவரிசையில் இருந்த மூல எண்ணை நாங்கள் கடைசிவரை தொடவில்லை. அச்சில் போவது அதுதான். பிரித்த நெடுவரிசைகள் அடுக்குவதற்கு மட்டும், அச்சிடும்போது அவற்றை மறைத்துவிடலாம். மறுபடி ஒட்டி எண்ணை உருவாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிரப்புவதற்கு வைத்த சுழியங்கள் 1.1.0 என்று வெளியே வந்து நிற்கும்.

மூன்றாம் முறை அச்சிட்ட தாளை டீச்சர் பென்சிலோடு வாங்கிக்கொண்டார். தலைப்பு சரி. 1.1.2 இரண்டாம் இடத்தில். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கியவர் பாதி தாண்டியதும் நின்றார். 1.2.21-க்கு அடுத்து 1.2.23 இருந்தது. முந்தைய இரண்டு தாள்களிலும் அந்த நூற்பா இல்லைதான், மற்றக் கோளாறுகளுக்கு நடுவே அது யாருக்கும் தெரியவில்லை. தட்டும்போதே விட்டிருந்தோம். டீச்சர் ஓரத்தில் 22 என்று எழுதி வட்டமிட்டுவிட்டு, அடுத்த தாளைப் புரட்டினார்.